குடித்த இரவில் மூன்று மணிக்கு வரும் விழிப்பு

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது, எடை 75 கிலோ. வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு நாள், ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து ஒன்பதரைக்குள் 180 மில்லி விஸ்கி குடிப்பேன். பத்தரைக்குப் படுத்தால் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிடுவேன். ஆனால் மூன்று மணி வாக்கில் திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறேன். பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், காரணமே இல்லாமல் ஒரு பயம். அதன்பிறகு தூக்கம் வராது. குடிக்காத நாளில் இப்படி இல்லை. பகலில் இ.சி.ஜி. எடுத்தேன், நார்மல் என்றார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன். குறட்டை விடுவதாக மனைவி சொல்கிறாள். இது ஹார்ட் பிரச்சினையா? இன்னும் கொஞ்சம் கூடக் குடித்தால் விடியும்வரை தூங்கலாம் என்கிறார் நண்பர். அது சரியா?

பதில்: நண்பர் சொல்வது தவறு. இதயமா என்ற கேள்விக்கு, பெரும்பாலும் இல்லை என்பதே என் பதில். ஆனால் நீங்கள் எடுத்த பகல் இ.சி.ஜி.யை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன.

விஸ்கியில் சுமார் 40 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்துக்கொள்வோம். 180 மில்லியில் 72 மில்லி ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது. ஒரு மில்லியின் எடை 0.79 கிராம். ஆக, நீங்கள் ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே அனுப்புவது ஏறத்தாழ 57 கிராம் ஆல்கஹால். இதைக் கரைக்கிற வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. உங்கள் எடையுள்ள ஒருவரின் கல்லீரல் மணிக்கு 7 முதல் 8 கிராம் வரை கரைக்கும். ஒரே ஒரு கவுண்டர் திறந்திருக்கும் இடத்தில் நிற்கும் வரிசை போன்றது இது. வரிசை நீண்டால் கவுண்டரில் வேலை வேகமாக நடப்பதில்லை, காத்திருக்கும் நேரம்தான் கூடுகிறது. காபி குடிப்பதாலோ குளிப்பதாலோ தண்ணீர் நிறையக் குடிப்பதாலோ இந்த வேகம் கூடாது.

எட்டு மணிக்குத் தொடங்கியதாக வைத்து மணிக்கு 7.5 கிராம் கழித்துக்கொண்டே வாருங்கள். பத்தரைக்குப் படுக்கும்போது உடலில் ஏறத்தாழ 38 கிராம் மிச்சம். ஒரு மணிக்கு 20 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. மூன்று மணிக்கு 4 அல்லது 5 கிராம்தான். மூன்றரையைத் தாண்டும்போது ஒன்றுமே இருக்காது. அதாவது நீங்கள் விழிக்கும் நேரமும் கடைசித் துளி ஆல்கஹால் உடலைவிட்டுப் போகும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆளுக்கு ஆள் இந்த வேகம் மாறும், சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ரத்தத்தில் ஏறுவது தாமதமாகும், அதனால் அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே போகலாம். ஆனாலும் இந்தப் பொருத்தம் தற்செயல் அல்ல. உங்களை எழுப்புவது மது அல்ல, மது விலகியது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் வரிசையாக விளங்கும்.

மூளையில் அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, காபா என்று பெயர். விழிப்பாகவும் துடிப்பாகவும் வைத்திருப்பது இன்னொன்று, குளூட்டமேட். ஆல்கஹால் முதலாவதன் வேலையைக் கூட்டுகிறது, இரண்டாவதன் வேலையை மட்டுப்படுத்துகிறது. ஒருபக்கம் பிரேக்கை மிதித்து, மறுபக்கம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது போல. பத்தரைக்கு நீங்கள் அடித்துப் போட்டதுபோலச் சாய்வது இதனால்தான். ஆனால் மூளை இதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தன்னை யாரோ அமுக்குகிறார்கள் என்றால் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது: காபாவுக்கு மசியும் தன்மையைக் குறைத்துக்கொள்கிறது, குளூட்டமேட்டின் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. இந்தச் சரிக்கட்டல் பல வருடம் குடித்தவர்களுக்கு மட்டும் நடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே மாலைக்குள்ளேயே அது தொடங்கிவிடுகிறது. ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டிருக்கும்போது இருக்கிற போதை, அதே அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போது இருப்பதில்லை என்பதை எட்வர்ட் மெல்லன்பி என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1919-லேயே பதிவு செய்தார். அளவு ஒன்றுதான், நடுவில் மூளை மாறிவிட்டது.

இப்போது மூன்று மணிக்கு வாருங்கள். அமுக்கிய கை போய்விட்டது. எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்த மூளை இன்னும் தள்ளிக்கொண்டேயிருக்கிறது. மூடிய கதவை முழுபலத்தோடு தள்ளிக்கொண்டிருப்பவருக்கு எதிரே திடீரென்று யாரோ தாழ்ப்பாளைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? தடுமாறி உள்ளே விழுவார். மூளையும் அப்படித்தான் விழிப்பின் பக்கம் போய் விழுகிறது. உடலை ஆபத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்படுகிறது. நாராட்ரினலின் சுரக்கிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது, அதே நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளையும் இயக்குகின்றன. ‘காரணமே இல்லாமல் ஒரு பயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இருக்கிறது, அது மனதில் இல்லை, நரம்பில் இருக்கிறது. இதயம் வேகமாக அடிப்பதையும் உடம்பு நனைந்திருப்பதையும் உணர்ந்த மூளை, அதற்குப் பொருத்தமாக ஒரு பயத்தைச் சேர்த்துக்கொள்கிறது.

வியர்வைக்கு இன்னொரு பங்கும் உண்டு. குடித்த முதல் சில மணி நேரம் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். முகமும் கையும் கதகதப்பாகத் தோன்றும், ஆனால் உடலின் உள்வெப்பம் அந்த வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். ஆல்கஹால் இறங்கியதும் இது திரும்புகிறது. சாதாரணமாக அதிகாலைக்கு முன் உடலின் உள்வெப்பம் அன்றைய மிகக் குறைந்த நிலைக்குப் போக வேண்டும். குடித்த இரவில் அது போக வேண்டிய அளவு இறங்குவதில்லை. அந்தச் சூட்டை வெளியேற்ற உடல் வியர்க்கிறது. கனத்த போர்வை இருந்தால் இன்னும் மோசம்.

தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் தடுக்கிறது. குடித்த ஒவ்வொரு கிராம் ஆல்கஹாலுக்கும் சுமார் 10 மில்லி சிறுநீர் கூடுதலாகப் போகும் என்று கொள்ளலாம். 57 கிராமுக்கு அரை லிட்டருக்கும் மேல். வியர்வையிலும் போகிறது. இழப்பு பெரிதில்லை என்றாலும், குழாயில் திரவம் குறைந்தால் இதயம் கொஞ்சம் வேகமாக அடித்து ஈடுகட்டும். எழுந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அது இதனால்.

சரி, ஆல்கஹால் எல்லார் உடலிலிருந்தும்தான் விலகுகிறது. மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் குடித்து, பத்து மணிக்குள் அது தீர்ந்துபோகிறவர் ஏன் இப்படித் திடுக்கிட்டு விழிப்பதில்லை? இதற்கான விடையில்தான் தூக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது.

இரவு முழுவதும் நாம் தூங்குவது ஒரே தூக்கம் அல்ல. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நான்கைந்து சுற்று வருகிறது. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். அப்போது நாடியும் மூச்சும் மெதுவாக, ஒரே சீராக இருக்கும். பின்னிரவுச் சுற்றுகளில் ரெம் எனப்படும் கனவு உறக்கம் அதிகம். கனவு உறக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடந்தாலும் மூளை மும்முரமாக இருக்கும். நாடியும் மூச்சும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். குடிக்காதவருக்கும் பின்னிரவில் இதயம் அவ்வளவு அமைதியாக இருப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆல்கஹால் முன்னிரவில் கனவு உறக்கத்தைத் தடுக்கிறது, ஆழ்ந்த உறக்கத்தைச் சற்றுக் கூட்டுகிறது. அது தீர்ந்ததும், தடுக்கப்பட்ட கனவு உறக்கம் பாக்கி வசூலிக்க வருவதுபோலத் திரும்பி வருகிறது. எப்படியும் கனவு உறக்கம் நிறைந்திருக்கும் பின்னிரவில் இந்தப் பாக்கியும் சேர்ந்துகொள்கிறது. குடித்த இரவின் கடைசிப் பகுதியில் கனவுகள் கலவரமாகவும் தெளிவாகவும் வருவது இதனால்தான். முடுக்கப்பட்ட நரம்பு மண்டலமும், நாடி ஏறி இறங்கும் கனவு உறக்கமும் ஒரே நேரத்தில் சந்திக்கின்றன.

இதோடு தூக்கத்தின் இன்னொரு இயல்பையும் சேர்க்க வேண்டும். பகலெல்லாம் விழித்திருக்கும்போது தூக்கத்துக்கான அழுத்தம் மூளையில் சேர்ந்துகொண்டே வரும். படுத்த முதல் சில மணி நேரத்தில் ஆழ்ந்த உறக்கம் அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடும். இரவு பதினொன்றரைக்கு உங்களை யாராவது தட்டினால் புரண்டு படுத்துவிடுவீர்கள், அழுத்தம் அவ்வளவு இருக்கிறது. மூன்று மணிக்கு அந்தக் கையிருப்பு அநேகமாகத் தீர்ந்திருக்கும். அதன்பிறகு நம்மை விடியும்வரை தூக்கத்தில் வைத்திருப்பது உடல் கடிகாரம்தான். அந்த நேரத் தூக்கம் மெல்லிய நூல் போன்றது. ஆறு மணிக்குக் குடித்தவருக்கும் எதிர்த்தள்ளல் வருகிறது. ஆனால் அது அவர் விழித்திருக்கும்போதோ, தூக்க அழுத்தம் மலைபோல் இருக்கும்போதோ வந்து போய்விடுகிறது. உங்களுக்கு அது நூல் மெலிந்திருக்கும் நேரத்தில் வந்து இழுக்கிறது. அறுந்த பிறகு மறுபடி முடிச்சுப் போட அழுத்தம் கைவசம் இல்லை. அதனால்தான் விழித்த பின் தூக்கம் வருவதில்லை.

இப்போது நண்பரின் யோசனையைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். 240 மில்லி குடித்தால் 76 கிராம். மணிக்கு 7.5 கிராம் வீதம் கரைய பத்து மணி நேரத்துக்கு மேல், அதாவது காலை ஆறு மணிக்கு மேல். மூன்று மணி விழிப்பு தவிர்ந்து நீங்கள் விடியும்வரை படுத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவு முழுக்கக் கனவு உறக்கம் தடைபட்டிருக்கும், படபடப்பும் வியர்வையும் கைநடுக்கமும் காலை ஏழு எட்டு மணிக்கு வரும், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதோ வேலையிலோ. வரவேண்டியது வந்தே தீரும். நேரத்தைத் தள்ளிப்போட்டதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் படுப்பவர்களும் உண்டு. அது வேலை செய்யும், அதுதான் அதன் ஆபத்து. எதிர்த்தள்ளலை மதுவால் அடக்குவது என்பது மதுவைச் சார்ந்து வாழ்வதன் முதல் படி.

தூக்க மருந்து என்ற முறையில் மதுவை மதிப்பிட்டால் அது மோசமான மருந்து. தூங்க வைக்கிற குணம் தொடர்ந்து சில நாள் குடித்தாலே தேயத் தொடங்குகிறது, எனவே அளவு கூடுகிறது. பின்னிரவைக் கெடுக்கிற குணம் மட்டும் தேய்வதில்லை.

இனி, வேறு என்னவெல்லாம் இருக்கலாம் என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் மூன்றைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது இதயத் துடிப்பின் ஒழுங்கு. பகலில் எடுத்த இ.சி.ஜி. அந்தப் பத்து விநாடியில் இதயம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். முந்தின இரவு மூன்று மணியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதிகம் குடித்த பிறகு இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நிலை, வேறு இதய நோய் இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு. இதை நீங்களே ஓரளவு பிரித்தறியலாம். அடுத்த முறை விழித்ததும் எழுந்து உட்காருங்கள். ஒரு கையின் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில், மறு கையின் இரண்டு விரல்களை வையுங்கள். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணிக்கையைவிட ஒழுங்கு முக்கியம். 90, 100, 110 என்று வேகமாக இருந்தாலும் கடிகார முள்போல ஒரே இடைவெளியில் தட்டி, பதினைந்து இருபது நிமிடத்தில் படிப்படியாகக் குறைந்தால் அது மேலே சொன்ன நரம்பு முடுக்கம்தான். இடைவெளி ஒன்று நீண்டு, ஒன்று குறுகி, எந்தத் தாளத்திலும் அடங்காமல் இருந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 140-க்கு மேல் போய் சுவிட்சைப் போட்டு அணைத்ததுபோலச் சட்டென்று நின்றாலோ, இதய மருத்துவரிடம் சொல்லி ஹோல்டர் என்ற 24 மணி நேரப் பதிவுக் கருவியை மாட்டிக்கொள்ளுங்கள். பலர் அந்தக் கருவி மாட்டிய அன்று மட்டும் ஒழுங்காக இருந்துவிட்டு, எல்லாம் சரி என்று அறிக்கை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பரிசோதனைக்காகக் குடிக்கச் சொல்லவில்லை. எந்த நாட்களில் தொந்தரவு வருகிறது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை நாள் பதிவு தேவை என்பதை அவர் முடிவு செய்வார். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தால் நாடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது சர்க்கரை. வியர்வை, படபடப்பு, பயம் மூன்றுமே ரத்தச் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளமாகவும் இருக்கும். உணவுக்கு நடுவிலும் தூக்கத்திலும் ரத்தச் சர்க்கரை விழாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். சேமித்து வைத்ததை அவிழ்த்துவிடும், புதிதாகவும் தயாரிக்கும். ஆல்கஹாலைக் கரைத்துக்கொண்டிருக்கும் கல்லீரலால் புதிதாகத் தயாரிக்கும் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. வெறும் வயிற்றில் குடித்து, சாப்பிடாமல் படுத்தவருக்குச் சேமிப்பும் குறைந்திருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழும் வாய்ப்பு குறைவு. ஆனால் இன்சுலினோ, கிளைமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு இது உண்மையான ஆபத்து, அடுத்த நாள் காலைவரைகூட நீடிக்கும். சில மாத்திரைகளில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கும், எனவே உங்கள் அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். தீர்ப்பதற்கு வழி எளிது: குளுக்கோமீட்டரைக் கட்டிலுக்கு அருகே வைத்து, விழித்த உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படி ஒருமுறை வந்தாலும் மருத்துவரிடம் மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 110, 130 என்று காட்டினால் வியர்வைக்குச் சர்க்கரை காரணமில்லை. மெட்ஃபார்மினோடு அதிகம் குடிப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டவர்களுக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர அது வழிசெய்யும். அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. உங்கள் சர்க்கரை மருத்துவருக்கு நீங்கள் குடிப்பது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, உங்கள் மனைவி சொன்ன குறட்டை. இதை அவர் குறைசொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கடிதத்தில் இருக்கும் தகவல்களிலேயே மருத்துவருக்கு அதிகம் பயன்படுவது இதுதான். ஆல்கஹால் தொண்டைத் தசைகளையும் நாக்கின் அடித்தசையையும் தளர்த்துகிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழி குறுகும். சிலருக்கு முழுதாக அடைபடும். அதோடு, மூச்சு அடைத்தால் மூளை விழித்துக்கொள்ளும் வேகத்தையும் மது மந்தப்படுத்துவதால் ஒவ்வோர் அடைப்பும் நீளும், ஆக்ஸிஜன் இன்னும் கீழே இறங்கும். ஒவ்வோர் அடைப்பின் முடிவிலும் உடல் திமிறிக்கொண்டு மூச்சிழுக்கும்போது நாடி எகிறும், வியர்க்கும். மனைவியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: குறட்டைச் சத்தம் நடுவே சில விநாடி அடங்கி, பிறகு திணறலோடு தொடங்குகிறதா? குடிக்காத இரவிலும் அப்படியா? ஆம் என்றால், பகலில் தூங்கி வழிகிறீர்கள் என்றால், உறக்க மூச்சுத்தடைக்கான இரவுப் பரிசோதனை வேண்டும். மது அந்த நோயைப் புதிதாக உண்டாக்கியிருக்காது; இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கும்.

குடிக்காத இரவுகளிலும் ஆடை நனையும் அளவு வியர்வை வருகிறது, எடை குறைகிறது, மாலைக் காய்ச்சல் இருக்கிறது என்றால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. தைராய்டு, காசநோய் முதலியவற்றை அப்போது தேட வேண்டும். நீங்கள் குடிக்காத நாளில் நன்றாகத் தூங்குவதாக எழுதியிருப்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி செய்ய வேண்டியது. நிறுத்திவிடுவதுதான் சிறந்தது, உங்கள் சர்க்கரைக்கும் அதுவே நல்லது. முதல் சில இரவுகளில் தூக்கம் வரத் தாமதமாகும், வந்தால் கனவு மேல் கனவாக வரும். அது பாக்கி தீர்வதன் அடையாளம், ‘குடிக்காமல் எனக்குத் தூக்கமே வராது’ என்பதற்கான சான்று அல்ல. பலர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இப்போதைக்கு நிறுத்த மனமில்லை என்றால் குறைந்தபட்சம் கணக்கை மாற்றுங்கள். பாதியாக்கினால், அதாவது 90 மில்லி என்றால், 28 கிராம். எட்டு மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவுக்குள் தீர்ந்துவிடும். எதிர்த்தள்ளல் தூக்க அழுத்தம் பலமாக இருக்கும் நேரத்தில் வரும், அளவும் சிறியது; பெரும்பாலும் எழுப்பாது. அளவைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் முன்னால் தள்ளுவது அவ்வளவு உதவாது: ஆறு மணிக்குத் தொடங்கினாலும் 57 கிராம் ஒன்றரை மணிக்குத்தான் தீரும், விழிப்பு மூன்றிலிருந்து ஒன்றரைக்கு நகரும், அவ்வளவுதான். அளவைக் கண்ணால் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். கைக்கணக்கு எப்போதும் கூடுதலாகத்தான் போகும். சாப்பாட்டோடு குடியுங்கள். மூன்று வாரம் ஒரு தாளில் நான்கே நான்கு விவரம் எழுதிவாருங்கள்: எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு முடித்தது, எத்தனை மணிக்கு விழித்தது, விழித்தபோது நாடி எவ்வளவு, சீரா இல்லையா. அளவு பாதியான இரவுகளில் விழிப்பு மறைந்தால் காரணத்தை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். மறையவில்லை என்றால் அந்தத் தாள் மேலே சொன்ன மூன்றில் எதைத் தேடுவது என்று மருத்துவருக்கு வழிகாட்டும்.

விழித்துவிட்ட இரவில் சட்டையை மாற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, காற்று வரும் இடத்தில் உட்காருங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்து ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விட்டால் நாடி இறங்கும். இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படியுங்கள். தூக்க மாத்திரையை அந்த நேரத்தில் தொடவே கூடாது. அல்பிரசோலம், டயாசெபம் போன்றவையும் மதுவும் மூளையில் அமுக்குவது ஒரே இடத்தை, சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம்.

இந்தப் பதிலைப் படிக்கும் வேறு சிலருக்காக ஓர் எச்சரிக்கை. உங்களைப் போல வாரம் மூன்று நாள் அல்லாமல் தினமும் அதிகம் குடிப்பவர்களுக்கு, இதே எதிர்த்தள்ளல் ஒரு இரவோடு முடிவதில்லை. காலையில் கை நடுங்குகிறது, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தது என்றால், அவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சலும், இல்லாததைக் காண்பதும், இடம் நேரம் தெரியாத குழப்பமும் வரும். சிகிச்சையில்லாமல் விட்டால் உயிர் போகும். இவர்களுக்கு மருத்துவமனையில் வைட்டமின் பி1 கொடுத்து, குளோர்டயாசெபாக்சைடு அல்லது டயாசெபம் போன்ற மருந்தை அளவாகத் தொடங்கிச் சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அந்த மருந்தை வீட்டில் தானாக வாங்கிச் சாப்பிட்டு முயலக் கூடாது, குறிப்பாக இடையில் குடிக்கும் பழக்கம் இன்னும் விடாதவர்கள்.